கிளெய்ம் மாசக்கணக்கா இழுக்குதா? க்ரீவன்ஸ் ஆபீசருக்கு தேதி போட்டு எழுதறது எப்படி

மெடிக்ளெய்ம்ல ரீஇம்பர்ஸ்மென்ட் போட்டவங்களுக்கு இது நல்லா தெரிஞ்ச கதை. பில்லு எல்லாம் கொடுத்தாச்சு, கிளெய்ம் நம்பரும் வந்தாச்சு, அப்புறம் கஸ்டமர் கேருக்கு எப்ப போன் போட்டாலும் "ப்ராசஸ்ல இருக்கு சார்", "சீனியர் டீம் பாத்துட்டு இருக்காங்க மேடம்". ரிஜெக்டும் பண்ண மாட்டாங்க, காசும் போட மாட்டாங்க. ரிஜெக்ட் பண்ணாலாவது எதுக்குன்னு கேட்டு சண்டை போடலாம், இந்த அந்தரத்துல தொங்கற நிலைமைதான் இருக்கறதுலயே கொடுமை. இதுக்கு கம்பெனிக்குள்ளயே ஒரு கதவு இருக்கு, அதுதான் க்ரீவன்ஸ் ரிட்ரெஸல் ஆபீசர், சுருக்கமா ஜிஆர்ஓ. எல்லா இன்சூரன்ஸ் கம்பெனியும் இந்த ஆபீசரை வெச்சே ஆகணும், இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கற ஐஆர்டிஏஐயோட ரூல் அது. ஆனா அவருக்கு எழுதறவங்கள்ல நிறைய பேர் அஞ்சு பக்கத்துக்கு புலம்பி அனுப்பறாங்க, அங்கேயிருந்து "வருந்துகிறோம்"னு ரெண்டு வரி வருது, அதோட முடிஞ்சுது.

இது முதல் தடவையா எழுதறவங்களுக்காக. டிலே ஆன கிளெய்ம் பத்தி மட்டும்தான் சொல்றேன், ரிஜெக்ட் ஆனதுக்கு எழுத வேண்டிய லெட்டர் வேற மாதிரி.

மொதல்ல ஜிஆர்ஓ உங்க லெட்டரை என்ன பண்ணுவார்னு புரிஞ்சுக்கோங்க. அவருக்கு உங்க அம்மாவோட ஆபரேஷனும் தெரியாது, நீங்க எத்தனை தடவை போன்ல ஹோல்ட்ல நின்னீங்கன்னும் தெரியாது. அவர் கம்ப்ளெயின்ட்டை வாங்கி கிளெய்ம்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு தள்ளி "ஏன் லேட்டு?"னு கேப்பார். அங்கேயிருந்து வழக்கமா வர்ற பதில், "கஸ்டமர் டாகுமெண்ட் கொடுக்கல". இந்த ஒரு பதில்ல உங்க கம்ப்ளெயின்ட் செத்துடும். அதனால உங்க லெட்டரோட வேலையே அந்த பதிலை முன்கூட்டியே அடைக்கறதுதான். ஒவ்வொரு தேதியிலயும் ஃபைல் யார் டேபிள்ல இருந்துச்சு, உங்ககிட்டயா, அவங்ககிட்டயா, இதை ஒரே பக்கத்துல காட்டிட்டா அந்த சாக்கு ஓடாது. டைம்லைன் டைம்லைன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது இதுக்குத்தான், சோகக்கதையை வரிசையா சொல்றதுக்கு இல்ல.

எங்க அபார்ட்மென்ட்ல கீழ் வீட்டு அண்ணனோட கேஸையே எடுத்துக்கறேன், கம்பெனி பேரு வேண்டாம். அவர் பேர்ல பாலிசி, அம்மாவும் அதுல இருக்காங்க. அம்மாவுக்கு பித்தப்பைல கல்லு, வலி தாங்காம வேளச்சேரி பக்கம் ஒரு ஆஸ்பத்திரில சேர்த்து லேப்ராஸ்கோப்பி பண்ணாங்க. அந்த ஆஸ்பத்திரி நெட்வொர்க்ல இல்ல, அதனால கேஷ்லெஸ் கிடையாது, கைக்காசு கட்டிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் போட்டார். மொத்த பில் 1,46,250 ரூபா. என்கிட்ட வந்தப்ப ஏற்கனவே ஒரு லெட்டர் ரெடியா வெச்சிருந்தார். "தம்பி, எல்லாத்தையும் எழுதிட்டேன், அனுப்பிடவா?"ன்னார். படிச்சுப் பாத்தா வேதனை, அலட்சியம், மனிதாபிமானம் எல்லாம் இருக்கு, கிளெய்ம் நம்பர் மட்டும் மூணாவது பக்கத்துல இருக்கு. தேதின்னு பாத்தா "போன மாசம்", "ரெண்டு வாரம் முன்னாடி". அதைப் படிக்கறவர் எங்கேயிருந்து நாள் கணக்கு எண்ணுவார் சொல்லுங்க.

சரி, எழுதறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது. டேபிள் மேல எல்லா பேப்பரையும் பரப்புங்க, போன்ல எஸ்எம்எஸ்ஸை தோண்டுங்க, மெயில்ல கிளெய்ம் நம்பர் போட்டு தேடுங்க. உங்களுக்கு வேண்டியது சம்பவம் இல்ல, தேதிக்கு ஆதாரம். நீங்க கொடுத்த ஒவ்வொன்னுக்கும் அவங்க வாங்கினதுக்கு என்ன அத்தாட்சின்னு பாருங்க. பிராஞ்ச் கவுன்டர்ல கொடுத்திருந்தா சீல் வெச்ச நகல், கூரியர்ல அனுப்பியிருந்தா டெலிவரி ஆன விவரம், மெயில்னா அனுப்பின மெயிலும் அவங்க ஆட்டோ ரிப்ளையும், போர்ட்டல்ல ஏத்தியிருந்தா ஸ்டேட்டஸ் ஸ்க்ரீன்ஷாட். ஸ்பீட் போஸ்ட், கூரியர் டிராக்கிங் எல்லாம் கொஞ்ச நாள் கழிச்சு தேடினா காட்டாது, அதனால டெலிவரி ஆன அன்னிக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கறது நல்லது.

அண்ணன் நுங்கம்பாக்கம் பிராஞ்ச்ல நேர்ல போய் கொடுத்திருந்தார், சீலும் வாங்கியிருந்தார், ஆனா அந்த ரப்பர் ஸ்டாம்ப் பாதிதான் பதிஞ்சிருக்கு, மாசம் தெரியுது, தேதி இருக்க வேண்டிய இடத்துல ஊதா கலர் தீத்தல் மட்டும்தான். நல்ல வேளையா அன்னிக்கு சாயங்காலமே "உங்க டாகுமெண்ட்ஸ் பெறப்பட்டது"ன்னு ஒரு எஸ்எம்எஸ் வந்திருந்துச்சு, அதை வெச்சு தேதியை நிறுத்தினோம். நீங்க போனா கவுன்டர்லயே நின்னு சீலைப் பாருங்க, தெளிவா இல்லன்னா பேனால தேதி போட்டு கையெழுத்து கேளுங்க, கொடுப்பாங்க.

போன்ல பேசினதுக்கு ஆதாரம் இருக்காது, அதனால ஒவ்வொரு காலுக்கும் சர்வீஸ் ரிக்வெஸ்ட் நம்பர் கேட்டு வாங்குங்க. போனை வெச்ச உடனே கஸ்டமர் கேர் மெயிலுக்கு ஒரு வரி, "இன்னிக்கு உங்க ஆளு கிளெய்ம் சீனியர் டீம்ல இருக்கு, என்கிட்ட டாகுமெண்ட் எதுவும் பாக்கி இல்லன்னு சொன்னார்". இந்த ஒரு வரி பின்னாடி ரொம்ப உதவும், ஏன்னா டாகுமெண்ட் பாக்கி இல்லன்னு அவங்க வாயாலயே சொன்னது எழுத்துல வந்துடுது.

அடுத்தது நாள் கணக்கு, இதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. 2024 செப்டம்பர்ல ஐஆர்டிஏஐ போட்ட மாஸ்டர் சர்குலர்படி கேஷ்லெஸ் இல்லாத ஹெல்த் கிளெய்மை 15 நாள்ல முடிக்கணும். பழைய பாலிசி புத்தகத்துல 30 நாள்னு இருக்கும், விசாரணை வெச்சா 45 நாள்னும் இருக்கும். ஆனா கம்பெனி கணக்கு போடறது நீங்க பில்லு கொடுத்த நாள்லேர்ந்து இல்ல, "கடைசியா தேவைப்பட்ட டாகுமெண்ட்" வந்த நாள்லேர்ந்து. இங்கதான் விஷயமே இருக்கு. ஒவ்வொரு தடவை டிபிஏ, அதாவது கம்பெனிக்காக பேப்பர் பாக்கற ஏஜென்சி, ஒரு புது க்வெரி போடும்போதும் அந்த கடிகாரம் திரும்ப சைபருக்கு போயிடும். மொதல்ல கேஸ் ஷீட் கேப்பாங்க, கொடுத்தா ரெண்டு வாரம் கழிச்சு ஆஸ்பத்திரி ரெஜிஸ்ட்ரேஷன் சர்டிஃபிகேட் கேப்பாங்க, அதையும் கொடுத்தா கேன்சல்ட் செக் கேப்பாங்க. எல்லாத்தையும் ஒரே தடவைல கேட்டிருக்கலாமே, ஏன் கேக்கலன்னு உங்க டைம்லைன்ல நீங்க திட்டி எழுத வேண்டாம், தேதியைப் பக்கத்துல பக்கத்துல வெச்சாலே படிக்கறவருக்கு தெரிஞ்சிடும்.

அதனால டைம்லைன்ல ரெண்டு வரி முக்கியம். ஒன்னு, முதல் தடவை முழு செட் கொடுத்த தேதி. இன்னொன்னு, கடைசி க்வெரிக்கு பதில் போன தேதி. நாள் எண்ண ஆரம்பிக்கறது இந்த ரெண்டாவதுலேர்ந்து. அவங்களுக்கு சாதகமான கணக்குலயே டைம் தாண்டிப் போச்சுன்னு காட்டினா எதிர்வாதமே கிடையாது.

உங்க பக்கம் தாமதம் இருந்தா அதையும் போட்டுடுங்க, மறைக்க வேண்டாம். கேஸ் ஷீட்டுன்னு சொல்றாங்களே, இன்டோர் கேஸ் பேப்பர், அதை ஆஸ்பத்திரில மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் செக்‌ஷன்லதான் வாங்கணும், லெட்டர் எழுதிக் கொடுத்து, நகலுக்கு காசு கட்டி, நாலஞ்சு நாள் ஆகும். அந்த நாலஞ்சு நாள் ஃபைல் உங்ககிட்ட இருந்த நாள்தான். அதை நீங்களே எழுதிட்டா மத்த தேதியையும் ஜிஆர்ஓ நம்புவார். மறைச்சு எழுதி அவங்க கண்டுபிடிச்சா நல்ல தேதியும் சேர்ந்து சந்தேகத்துல போயிடும்.

அண்ணனோட லெட்டர்ல கடைசியா இப்படித்தான் போட்டோம். நீங்க இங்கிலீஷ்ல எழுதினா பரவாயில்ல, ஜிஆர்ஓ வேற ஊர்ல உக்காந்திருக்கலாம், சின்னச் சின்ன வாக்கியமா எழுதினா போதும். நான் தமிழ்லயே கொடுக்கறேன்.

சப்ஜெக்ட்: கிளெய்ம் எண் (இங்கே எண்), பாலிசி எண் (இங்கே எண்), கடைசி டாகுமெண்ட் கொடுத்து 35 நாளாகியும் முடிவு வரவில்லை, ஜிஆர்ஓவுக்கு புகார்

09-06-2025: அம்மா அட்மிட். 12-06-2025: டிஸ்சார்ஜ். மொத்த பில் 1,46,250 ரூபாய்.
20-06-2025: கிளெய்ம் ஃபார்ம், ஒரிஜினல் பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, ரிப்போர்ட்டுகள், கேன்சல்ட் செக் பிராஞ்சில் கொடுக்கப்பட்டது. (இணைப்பு 1)
23-06-2025: கிளெய்ம் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. (இணைப்பு 2)
04-07-2025: டிபிஏவின் முதல் க்வெரி. இன்டோர் கேஸ் பேப்பர், முதல் கன்சல்டேஷன் சீட்டு கேட்டார்கள். (இணைப்பு 3)
09-07-2025: இரண்டும் மெயிலில் அனுப்பப்பட்டது. ஆஸ்பத்திரியில் நகல் வாங்க 5 நாள் ஆனது. (இணைப்பு 4)
25-07-2025: இரண்டாவது க்வெரி. ஆஸ்பத்திரி ரெஜிஸ்ட்ரேஷன் சர்டிஃபிகேட், கேன்சல்ட் செக் கேட்டார்கள். கேன்சல்ட் செக் 20-06-2025 அன்றே கொடுக்கப்பட்டது. (இணைப்பு 5)
28-07-2025: இரண்டும் அனுப்பப்பட்டது. போர்ட்டலில் பதில் பெறப்பட்டதாக ஸ்டேட்டஸ் மாறியது. (இணைப்பு 6)
14-08-2025, 29-08-2025: கஸ்டமர் கேர். டாகுமெண்ட் பாக்கி இல்லை, ப்ராசஸில் உள்ளது என்றார்கள். சர்வீஸ் ரிக்வெஸ்ட் எண்கள் இணைப்பு 7இல்.
01-09-2025: இன்று வரை ஒப்புதலோ நிராகரிப்போ எழுத்தில் வரவில்லை.

அவ்ளோதான் டைம்லைன். "ஐயா எங்க அம்மா வயசானவங்க"ன்னு கூட இல்ல. 25-07 வரியைப் பாருங்க, ஏற்கனவே கொடுத்த செக்கை திரும்ப கேட்டாங்கன்னு ஒரே வாக்கியம், அதுக்கு மேல திட்டு எதுவும் சேர்க்கல. அண்ணனுக்கு இதுல திருப்தியே இல்ல, "இவ்ளோ சாதாரணமா எழுதினா அவனுங்களுக்கு உறைக்குமா தம்பி"ன்னார். உறைக்கறதுக்கு எழுதல, அந்த ஆபீசர் கிளெய்ம்ஸ் ஆளைக் கூப்பிட்டு "28ஆம் தேதிக்கு அப்புறம் என்னய்யா பண்ணீங்க"ன்னு கேக்கறதுக்கு எழுதறோம். 28 ஜூலையிலேர்ந்து 15 நாள்னா 12 ஆகஸ்ட். 30 நாள்னே வெச்சாலும் 27 ஆகஸ்ட். லெட்டர் போற 1 செப்டம்பருக்கு ரெண்டுமே தாண்டிடுச்சு.

இதுக்குக் கீழ நாம என்ன கேக்கறோம்னு வரணும். "தயவுசெய்து ஆவன செய்யவும்"னு முடிச்சீங்கன்னா அவர் ஆவன செஞ்சதா பதில் போட்டுட்டு கம்ப்ளெயின்ட்டை மூடிடுவார். கேக்கறது எப்படி இருக்கணும்னா, செஞ்சாங்களா இல்லையான்னு யார் பாத்தாலும் சொல்ற மாதிரி இருக்கணும். தொகை, தேதி, எழுத்துல பதில், இந்த மூணும் இருந்தா அப்படி ஆயிடும்.

தொகைல ஒரு சின்ன வேலை இருக்கு. மொத்த பில்லையும் அப்படியே கேக்காதீங்க. க்ளவுஸ், மாஸ்க், டயப்பர், ரெஜிஸ்ட்ரேஷன் சார்ஜ் மாதிரி ஐட்டங்களுக்கு நிறைய பாலிசில காசு வராது, தனியா கவர் எடுத்திருந்தாத்தான் வரும். ரூம் வாடகைக்கு லிமிட் இருந்து அதுக்கு மேல ரூம் எடுத்திருந்தா மத்த சார்ஜ்லயும் விகிதப்படி வெட்டுவாங்க. உங்க பாலிசியைப் படிச்சு, வராததை நீங்களே கழிச்சுட்டு மீதியைக் கேளுங்க. அண்ணன் பில்லுல அந்த மாதிரி 7,850 ரூபா இருந்துச்சு, கழிச்சா 1,38,400. அவர் ரூம் லிமிட்டுக்குள்ளதான் இருந்தார், அதனால வேற வெட்டு இல்ல. இப்படி கழிச்சுக் கேக்கும்போது இவர் பாலிசியைப் படிச்சிருக்கார்னு எதிர்ல இருக்கறவருக்கு புரியும்.

அப்புறம் வட்டி. டிலே ஆனா பேங்க் ரேட்டுக்கு மேல 2 சதவீதம் வட்டி கொடுக்கணும்னு ரூல்லயும் இருக்கு, பாலிசி புத்தகத்துலயும் இருக்கும், கண்டிஷன்ஸ் பகுதில தேடுங்க. இந்த பேங்க் ரேட் ரிசர்வ் பேங்க் சொல்றது, உங்க எஸ்பி அக்கவுண்ட் வட்டி இல்ல, அந்த நிதியாண்டு தொடக்கத்துல என்ன இருந்துச்சோ அதை எடுக்கணும். 2025 ஏப்ரல் 1 அன்னிக்கு 6.5 சதவீதம், கூட 2, ஆக 8.5. 1,38,400க்கு ஒரு நாளைக்கு சுமாரா 32 ரூபா வரும். எந்த தேதியிலேர்ந்துன்னு உங்க பாலிசில எழுதியிருக்கும், பெரும்பாலும் கடைசி டாகுமெண்ட் போன தேதிதான். 32 ரூபால என்ன இருக்குன்னு விட்டுடாதீங்க. வட்டி கேட்டுட்டா கம்பெனி எந்த தேதியிலேர்ந்து டிலேன்னு ஒரு முடிவுக்கு வந்தாகணும், அந்த தேதியைத்தான் நாம வெளிய கொண்டுவரப் பாக்கறோம்.

அண்ணன் லெட்டர்ல கேட்டது இது:

15-09-2025க்குள் 1,38,400 ரூபாயும், பாலிசியில் சொன்ன வட்டியும் என் அக்கவுண்டில் வரவு வைக்க வேண்டும். இதில் ஏதாவது தொகை தர முடியாது என்றால், எந்தத் தொகை, பாலிசியின் எந்த கிளாஸ்படி என்று எழுத்தில் தர வேண்டும். இன்னும் டாகுமெண்ட் பாக்கி என்றால், பாக்கி உள்ள அனைத்தையும் ஒரே பட்டியலாக, ஒவ்வொன்றும் முன்பு எந்தத் தேதியில் கேட்கப்பட்டது என்ற விவரத்துடன் தர வேண்டும்.

கடைசி வாக்கியத்தை விடாதீங்க. முன்னாடி எந்த தேதில கேட்டீங்கன்னு கேக்கும்போது, புதுசா ஒரு க்வெரி போட்டு கடிகாரத்தை திருப்பி வெக்கறது கஷ்டமாயிடும். 15 செப்டம்பர்ங்கற தேதியும் சும்மா போடல, கம்ப்ளெயின்ட்டை 14 நாள்ல தீர்க்கணும்ங்கறது கம்பெனிக்கான ரூல், 1ஆம் தேதியிலேர்ந்து எண்ணினா அதான் வருது. நீங்களா "48 மணி நேரத்துக்குள்"னு போட்டா அதை யாரும் மதிக்க மாட்டாங்க.

இப்ப அனுப்பறது. ஜிஆர்ஓ மெயில் ஐடி பாலிசி டாகுமெண்ட்டோட கடைசிப் பக்கங்கள்ல இருக்கும், கம்பெனி வெப்சைட்ல கீழ க்ரீவன்ஸ்னு ஒரு லிங்க் இருக்கும், அதுலயும் இருக்கும். ரெண்டும் வேற வேறன்னா வெப்சைட்ல இருக்கறதை எடுத்துக்கோங்க, பாலிசி எப்பவோ அடிச்சதா இருக்கும். வீட்ல அறுபது தாண்டினவங்க கிளெய்ம்னா சீனியர் சிட்டிசனுக்கு தனி மெயில் இருக்கான்னும் பாருங்க, நிறைய கம்பெனில இருக்கு. டிபிஏவுக்கு அனுப்பிட்டு ஜிஆர்ஓவுக்கு அனுப்பிட்டதா நினைச்சுக்காதீங்க. டிபிஏ பேப்பர் பாக்கற ஏஜென்சி மட்டும்தான், கொடுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனி. டிபிஏவை காப்பில போடுங்க, அது போதும்.

பாலிசி யார் பேர்ல இருக்கோ அவங்க மெயில்லேர்ந்து போகணும், அதுவும் கம்பெனில ரெஜிஸ்டர் ஆன மெயில்லேர்ந்து. அப்பா பேர்ல பாலிசி, மகன் துபாய்லேர்ந்து அவர் மெயில்ல எழுதறார்னு வைங்க, "பாலிசிதாரர் மூலமாக தொடர்பு கொள்ளவும்"னு பதில் வரும், அதுல ஒரு வாரம் போச்சு. அப்பா கையெழுத்து போட்ட லெட்டரை ஸ்கேன் பண்ணி, அவர் மெயில்லேர்ந்தே அனுப்பிடுங்க.

இணைப்பு எல்லாத்தையும் வாட்ஸ்அப் போட்டோவா பதினெட்டு ஃபைல் போடாதீங்க. பிடிஎஃப் ஆக்கி, இணைப்பு எண்ணையும் தேதியையும் முன்னாடி வெச்சு பேர் வைங்க, அவங்க ஸ்க்ரீன்ல தானா வரிசையா நிக்கும்:

```
1_2025-06-20_submission_ack.pdf
5_2025-07-25_query2.pdf
6_2025-07-28_query2_reply.pdf
```

அனுப்பின உடனே இல்லன்னா மறுநாள் கம்ப்ளெயின்ட் நம்பரோட ஒரு பதில் வரணும். வரலன்னா கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி ஜிஆர்ஓ மெயில் ரெஜிஸ்டர் ஆச்சான்னு கேட்டு நம்பர் வாங்குங்க. நம்பர் இல்லாத கம்ப்ளெயின்ட் அவங்க சிஸ்டத்துல இல்லாத கம்ப்ளெயின்ட். மெயில் மேல நம்பிக்கை இல்லாதவங்க அதே லெட்டரை ஸ்பீட் போஸ்ட்லயும் போடலாம், தப்பே இல்ல.

இதுக்கப்புறம் நாலு விதமா நடக்கும், எனக்கு தெரிஞ்சு.

ஒன்னு, "உங்கள் கிளெய்ம் பரிசீலனையில் உள்ளது, சிரமத்துக்கு வருந்துகிறோம்"னு ஒரு மெயில் வந்து, கூடவே கம்ப்ளெயின்ட் க்ளோஸ்டுன்னு எஸ்எம்எஸ் வரும். அது முடிவே இல்ல. தருவோம்னும் சொல்லல, மாட்டோம்னும் சொல்லல. அந்த மெயிலுக்கே ரிப்ளை போட்டு, அதே கம்ப்ளெயின்ட் நம்பர்ல, "நான் கேட்ட மூணுக்கும் இதுல பதில் இல்ல, புகார் தீரல, திரும்ப திறங்க"ன்னு ரெண்டு வரி எழுதுங்க. புது மெயில் ஆரம்பிச்சா புது நம்பர் போட்டு நாள் கணக்கையும் புதுசா ஆரம்பிச்சுடுவாங்க.

ரெண்டாவது, போன் வரும். நல்லா இனிமையா பேசுவாங்க, "சார் உங்க கிளெய்ம் அப்ரூவ் ஆகிடும், கம்ப்ளெயின்ட்டை மட்டும் க்ளோஸ் பண்ணிக்கலாமா?" காசு அக்கவுண்ட்ல விழற வரைக்கும் சரின்னு சொல்லாதீங்க. "மெயில்ல அனுப்புங்க சார், பாத்துட்டு சொல்றேன்"னு மரியாதையா வெச்சிடுங்க. கால் ரெக்கார்ட் ஆகுது, நீங்க சொன்ன ஒரு "ஓகே"யே கம்ப்ளெயின்ட்டை மூட போதும்.

மூணாவது, இன்னொரு க்வெரி. ஏற்கனவே கொடுத்ததையே கேட்டா அன்னிக்கே பதில் போடுங்க, "இணைப்பு 6, பக்கம் 2ல் உள்ளது, 28-07-2025 அன்று கொடுக்கப்பட்டது"ன்னு. நியாயமான புது டாகுமெண்ட்னா கொடுத்துடுங்க, வீம்புக்கு நிக்க வேண்டாம், ஆனா டைம்லைன்ல அந்த தேதியையும் சேர்த்துடுங்க.

நாலாவது, ரிஜெக்‌ஷன் லெட்டரே வந்துடும். டிலே கதை அங்க முடிஞ்சு போச்சு, இனிமே பேச்சு காரணத்தைப் பத்தி. எந்த கிளாஸ்னு லெட்டர்ல இருக்கான்னு பாருங்க, இன்னொன்னும் கேளுங்க: 2024 மே மாசம் வந்த ஹெல்த் மாஸ்டர் சர்குலர்படி, கம்பெனிக்குள்ள இருக்கற ரிவ்யூ கமிட்டி பாத்து ஓகே சொல்லாம கிளெய்மை ரிஜெக்ட் பண்ணக்கூடாது. அது நடந்துச்சான்னு எழுத்துல கேக்கலாம்.

14 நாள் தாண்டியும் ஒன்னும் நடக்கலன்னா ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா போர்ட்டல், bimabharosa.irdai.gov.in, அதுல போடலாம், 155255க்கு போன் பண்ணியும் பதியலாம். ஆனா ஒன்னு, அங்க உங்க கிளெய்மை ஐஆர்டிஏஐ தீர்ப்பு சொல்லாது, உங்க கம்ப்ளெயின்ட் திரும்ப அதே கம்பெனிக்குத்தான் போகும், மேல ஒரு கண் பாத்துட்டு இருக்குங்கறதுதான் வித்தியாசம். அதனால அதுலயும் அதே ஒரு பக்க டைம்லைனை ஏத்துங்க, ஜிஆர்ஓவுக்கு போன தேதியையும் கம்ப்ளெயின்ட் நம்பரையும் கடைசி வரியா சேர்த்து.

உண்மையிலேயே முடிவு சொல்ற இடம் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன். நமக்கு தேனாம்பேட்டைல அண்ணா சாலை மேலயே, பாத்திமா அக்தர் கோர்ட் பில்டிங்ல ஆபீஸ். தமிழ்நாடு முழுக்க அங்கதான், புதுச்சேரி, காரைக்காலுக்கும் அதுதான். ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரைக்கும் பாப்பாங்க. ஆனா நேரா அங்க போக முடியாது. கம்பெனிக்கு எழுத்துல கொடுத்து, அவங்க மறுத்திருக்கணும், இல்ல பதில் திருப்தி இல்லாம இருக்கணும், இல்ல ஒரு மாசம் பதிலே வராம இருக்கணும். அங்கேயிருந்து ஒரு வருஷத்துக்குள்ள போயிடணும், அதே விஷயமா கன்ஸ்யூமர் கோர்ட்ல கேஸ் ஓடக்கூடாது. இப்ப புரியுதா, ஜிஆர்ஓ லெட்டர் எந்த தேதில போய் சேர்ந்துச்சுங்கறதுக்கு ஆதாரம் ஏன் வேணும்னு. அண்ணன் கேஸ்ல 1 அக்டோபர் தாண்டினா அந்தக் கதவு திறந்துடும், அதுக்கு வேண்டிய பேப்பர் முழுக்க ஏற்கனவே ஒரே ஃபோல்டர்ல இருந்துச்சு.

அவருக்கு அவ்ளோ தூரம் போக வேண்டி வரல. நடுவுல அந்த "பரிசீலனையில் உள்ளது" மெயில் வந்துச்சு, ரெண்டு வரி ரிப்ளை போட்டார். 18 செப்டம்பர் அன்னிக்கு 1,35,200 ரூபா வரவு. 3,200 குறையுதேன்னு செட்டில்மென்ட் லெட்டரைப் பாத்தா டயட் சார்ஜும் அட்டெண்டர் சார்ஜும் வெட்டியிருந்தாங்க, பாலிசி லிஸ்ட்ல அது இருந்துச்சு, சரின்னு விட்டாச்சு. வட்டி மட்டும் வரல. அதே கம்ப்ளெயின்ட் நம்பர்ல, 28-07லேர்ந்து 18-09 வரை 52 நாள், 8.5 சதவீதம், 1,637 ரூபான்னு கணக்கு போட்டு அனுப்பியிருக்கார். பதில் இன்னும் வரல, தேதி மட்டும் ஓடிட்டிருக்கு. அடுத்து பீமா பரோசால போடறதுக்கு அந்த மெயிலையும் ஃபோல்டர்ல எட்டாவது இணைப்பா சேர்த்து வெச்சாச்சு.